நடுவில் நிற்பவன் ஜெயிப்பதும் மாட்டிக்கொள்வதும்

"ஐயா, நான் கோத்தகிரிப் பையன், கல்லூரியில் வரலாறு படிக்கிறேன். போர்க்கலையில் உள்வழி, வெளிவழி என்கிறார்களே, அது எனக்குப் பிடிபடவே இல்லை. இரண்டு எதிரிக்கு நடுவில் நிற்பவன் மாட்டிக்கொண்டவன்தானே? ஆள் குறைந்த படை அங்கே நின்று எப்படி ஜெயிக்கும்? நம் பக்கத்தில் அப்படி ஒரு சண்டை நடந்திருக்கிறதா?"

தம்பி, உங்கள் சந்தேகம் நியாயமானது. நடுவில் நின்றே அழிந்த படைகளும் உண்டு. அதற்கும் கடைசியில் வருகிறேன்.

முதலில் அந்தச் சொல்லைச் சரிசெய்துகொள்வோம். 'இன்டீரியர் லைன்ஸ்' என்பதைச் சிலர் 'உட்கோடு' என்று எழுதுகிறார்கள். படித்ததும் பதுங்குகுழி வரிசை மாதிரி ஏதோ ஒன்று மனதில் வருகிறது. அது இல்லை. அந்த 'லைன்' ஒரு படை நடந்து போகும் வழி. ஜோமினி என்ற சுவிஸ்காரர்தான் இந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். உன் படையின் ஒரு பகுதி இன்னொரு பகுதியிடம் போய்ச் சேர ஆகும் நேரம், எதிரியின் இரண்டு பகுதிகள் ஒன்றுசேர ஆகும் நேரத்தைவிடக் குறைவு என்றால் நீ உள்வழியில் இருக்கிறாய். எதிரி வெளிவழியில் இருக்கிறான். கிலோமீட்டரைப் பார்க்காதீர்கள், மணிக்கணக்கைப் பாருங்கள்.

கோத்தகிரிக்காரருக்கு இதைச் சொல்ல வரைபடமே வேண்டாம். ஊட்டியிலிருந்து ஒரு கூட்டம் குன்னூர், பர்லியார், கல்லாறு வழியாக இறங்குகிறது. இன்னொரு கூட்டம் உங்கள் ஊர் வழியாகக் குஞ்சப்பனை பக்கம் இறங்குகிறது. நீங்கள் மேட்டுப்பாளையத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள். மலைமேல் குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் குறுக்கே சாலை இருக்கிறது. ஆனால் இரண்டு கூட்டமும் சரிவில் இறங்க ஆரம்பித்துவிட்டால் ஒன்றுக்கொன்று கை கொடுக்க முடியாது. நடுவே காடும் பள்ளமும். பர்லியார் கொண்டை ஊசி வளைவில் ஒருவன் அடி வாங்கினால், குஞ்சப்பனையில் இருப்பவன் திரும்ப மேலே ஏறி, குறுக்கே வந்து, மறுபடியும் இறங்க வேண்டும். நீங்களோ அடிவாரத்தில் ஒரு சாலையிலிருந்து இன்னொரு சாலைக்குச் சுலபமாக மாறிவிடலாம். உள்வழி என்பது இவ்வளவுதான். உங்களிடம் ஆள் அதிகமில்லை, நேரம்தான் அதிகமாக இருக்கிறது.

இந்தப் படத்தை அப்படியே இத்தாலிக்குக் கொண்டுபோகலாம். 1796 ஜூலை கடைசி, ஆகஸ்ட் முதல் வாரம். வடக்கே ஆல்ப்ஸ் மலையில் ட்ரென்டோ நகரம், அதை ஊட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து சமவெளிக்கு இறங்க இரண்டு வழி. இரண்டுக்கும் நடுவே ஐம்பது கிலோமீட்டர் நீளத்துக்குக் கார்டா ஏரி கிடக்கிறது. ஏரிக்கு மேற்கே இறங்கும் வழி சலோ, பிரெஷியா ஊர்களுக்குப் போகிறது. கிழக்கே இறங்கும் வழி அடிஜே ஆற்றை ஒட்டி ரிவோலிக்கும் வெரோனாவுக்கும் போகிறது. ஏரிக்குத் தெற்கே சமவெளியில் மாண்டுவா என்ற கோட்டை. உள்ளே ஆஸ்திரியப் படை, வெளியே முற்றுகையிட்டபடி பிரெஞ்சுப் படை. அதன் தளபதி நெப்போலியன் போனபார்ட். இன்னும் 27 வயது நிறையவில்லை.

கோட்டையை மீட்க ஆஸ்திரியா 72 வயது வுர்ம்சரை அனுப்பியது. ஏறக்குறைய 50,000 பேர். பிரெஞ்சுக்காரர் மொத்தம் சுமார் 45,000, அதில் 10,000 பேர் முற்றுகையில் கட்டுண்டு கிடந்தார்கள். வுர்ம்சர் படையைப் பிரித்தார். குவாஸ்டனோவிச் தலைமையில் சுமார் 18,000 பேர் ஏரிக்கு மேற்கே போனார்கள். மீதிப் படையில் பெரும்பகுதியோடு வுர்ம்சர் கிழக்கே இறங்கினார். இதை முட்டாள்தனம் என்று பலர் எழுதிவிடுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. மலைச்சாலை ஒன்றில் அத்தனை பேரையும் பீரங்கி, ரொட்டி வண்டிகளோடு இறக்கினால் தலை சமவெளியைத் தொடும்போது வால் மலை உச்சியில் இருக்கும். சீசனில் நம் மலைப்பாதையில் வண்டி நிற்பதைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். தவிர, மேற்கு வழி போனால் பிரெஞ்சுக்காரர் மிலானுக்குப் பின்வாங்கும் சாலையையே வெட்டிவிடலாம். பிரிந்து இறங்கியதில் தப்பில்லை. இறங்கிய பிறகு சேருவதற்குள் அடி விழுந்தால் என்ன செய்வது என்பதற்கு வழி வைக்காததுதான் தப்பு. இரு படைக்கும் நடுவே ஏரி. ஒரு சேதி போக வேண்டுமென்றால் குதிரைக்காரன் ஏரியின் வட முனையைச் சுற்றி மலைக்குள் போய் வர வேண்டும்.

ஜூலை 29 அன்று இரண்டு பக்கமும் ஒரே நாளில் இடி விழுந்தது. கிழக்கே பிரெஞ்சுத் தளபதி மசேனாவின் டிவிஷன் ரிவோலியிலிருந்து தள்ளப்பட்டது. மேற்கே சலோ பறிபோனது, மறுநாள் பிரெஷியாவும் போனது. அந்த இரவு நீங்கள் சொன்னதுதான் நடந்துகொண்டிருந்தது: நடுவில் இருப்பவன் மாட்டிக்கொண்டிருந்தான்.

இங்கேதான் போனபார்ட் வலிக்கிற ஒரு முடிவை எடுத்தார். மாண்டுவா முற்றுகையைக் கைவிட்டார். ஜூலை 31 இரவு முற்றுகைப் பீரங்கிகளை அப்படியே போட்டுவிட்டு அந்தப் படையைக் கிளப்பினார். இழந்தவை 170-க்கும் மேல். இத்தாலியில் பாடுபட்டுச் சேர்த்த கனரகப் பீரங்கிகள் அவை. பல வாரத்து வேலை ஒரே ராத்திரியில் போனது. நடுவில் இருப்பதால் மட்டும் யாருக்கும் ஆள் கூடுவதில்லை. எதையாவது விட்டுக்கொடுத்தால்தான் கூடுகிறது. எல்லா இடத்தையும் பிடித்து வைத்துக்கொள்ள நினைத்தால் உள்வழி வெறும் வரைபடக் கோடுதான்.

அடுத்தது யாரை முதலில் அடிப்பது. மேற்கே இருந்தவன் சிறியவன், பின்வாங்கும் சாலையையும் அவன்தான் பிடித்திருந்தான். அவனை முதலில் அடித்தால் முதுகு பத்திரம். ஆகஸ்ட் 1-ஆம் தேதி இன்னொரு பிரெஞ்சுத் தளபதி ஓஷரோ பிரெஷியாவைத் திரும்பப் பிடித்தார். அந்த நேரத்தில் வுர்ம்சர் மாண்டுவாவை நோக்கி நடந்துகொண்டிருந்தார். கோட்டையை மீட்டாயிற்று, கைவிட்ட பீரங்கிகளும் கிடைத்தன, ஊரில் மகிழ்ச்சி. அவருக்கு அது வெற்றி, போனபார்ட்டுக்கு அது அவகாசம். விட்டுக்கொடுத்த பொருளே எதிரியைத் தாமதப்படுத்தும் தூண்டில் ஆகிவிட்டது.

ஆகஸ்ட் 3 இந்தக் கதையின் மையம். லொனாட்டோவில் மசேனா மேற்குப் படையின் ஒரு பகுதியைச் சுற்றி வளைத்து நொறுக்கினார். ஒஸ்கை என்ற தளபதி தன் ஆட்களோடு சரணடைந்தார். அதே நாளில், சுமார் பத்துக் கிலோமீட்டர் தெற்கே காஸ்டிக்லியோனேயில், ஓஷரோ வுர்ம்சரின் முன்னணிப் படையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அவர் வேலை ஜெயிப்பதல்ல, மசேனாவின் முதுகுக்கு யாரும் வராமல் பார்த்துக்கொள்வது. அப்படி ஒரு கை அடிக்கும்போது மறு கை கதவைத் தாழிட்டிருக்க வேண்டும். இதைத் தமிழில் மறிப்புப் படை என்று சொல்லலாம்.

அந்தக் கதவு முந்தின நாளே திறந்துகொள்ளப் பார்த்தது. காஸ்டிக்லியோனேயைக் காக்க வைத்திருந்த வலெட் என்ற தளபதி, எதிரியின் முன்னணியைப் பார்த்ததும் ஆகஸ்ட் 2-ஆம் தேதியே ஊரை விட்டுவிட்டார். போனபார்ட் அவருடைய பதவியைப் படைவீரர்கள் முன்னாலேயே பறித்தார். கோபக்காரர் என்று அதைப் படித்துவிட்டுப் போய்விடாதீர்கள். மறிப்புப் படை ஒரு நாள் முன்னதாக விலகினால் மொத்தத் திட்டமும் போச்சு. ஓஷரோ மறுநாள் சண்டை போட்டு அந்த ஊரைத் திரும்பப் பிடித்ததால்தான் மேற்கே நடந்த அடி அடியாக முடிந்தது. பிற்காலத்தில் ஓஷரோவுக்குக் கொடுத்த பட்டமே 'காஸ்டிக்லியோனே பிரபு'.

ஆகஸ்ட் 4-இல் குவாஸ்டனோவிச் மலைக்குள் திரும்பினார். (அன்று லொனாட்டோவில் வழிதவறி வந்த ஒரு ஆஸ்திரியப் படையை, தன்னிடம் கொஞ்சம் பேரே இருந்தபோது மிரட்டியே சரணடைய வைத்ததாகப் போனபார்ட் கதை உண்டு. அவரே சொன்னது, கொஞ்சம் மசாலா இருக்கும்.) இப்போது மொத்தப் படையும் கிழக்கே திரும்பியது. 5-ஆம் தேதி காஸ்டிக்லியோனேயில் வுர்ம்சர் பக்கம் சுமார் 25,000, பிரெஞ்சுப் பக்கம் சுமார் 30,000. பாருங்கள், மொத்தத்தில் குறைந்த படை, சண்டை நடந்த இடத்தில் அதிகமாக இருக்கிறது. முற்றுகையிலிருந்து எடுத்த டிவிஷன் இரவெல்லாம் நடந்து, காலையில் வுர்ம்சரின் இடப்பக்கம் பின்னால் வந்து சேர்ந்தது. அதைக் கூட்டிப் போனவர் ஃபியோரெல்லா, வழக்கமான தளபதி செருரியே காய்ச்சலில் படுத்திருந்தார். வுர்ம்சர் மின்சியோ ஆற்றைத் தாண்டிப் பின்வாங்கி, பிறகு ட்ரென்டோவுக்கே போய்ச் சேர்ந்தார்.

இதை முழு வெற்றியாக நினைக்க வேண்டாம். வுர்ம்சரின் படை தோற்றதே தவிர அழியவில்லை. மாண்டுவாவுக்குத் தானியமும் ஆளும் போய்விட்டன. முற்றுகைப் பீரங்கி இல்லாததால் பிரெஞ்சுக்காரர்கள் அதற்குப் பிறகு கோட்டையைச் சுற்றிப் பட்டினி போடத்தான் முடிந்தது. அது விழுந்தது 1797 பிப்ரவரி 2 அன்று. ஆறு மாதம் தாமதம், அந்த இரவில் போட்டுவிட்டு வந்த பீரங்கிகளின் விலை.

என் கதை ஒன்று சொல்கிறேன், அப்போதுதான் எங்கே தவறு வரும் என்று தெரியும். குன்னூர் பக்கத்து வெலிங்டனில் நான் பணியில் இருந்தபோது ஒரு சாண்ட் மாடல் பயிற்சியில் எனக்கு நடுப்படை கொடுத்தார்கள். மரத்தூளில் பச்சை, நீலச் சாயம் போட்டு மலையும் ஆறும், தீப்பெட்டிதான் பட்டாலியன். என்னிடம் எட்டுப் பெட்டி, எதிரிக்கு இரண்டு பக்கமும் ஆறு ஆறு. நான் நல்ல பையன் மாதிரி இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு என்று வைத்தேன். நடத்திய அதிகாரி ஒன்றும் பேசவில்லை. கடிகாரத்தை ஆறு மணி நேரம் நகர்த்தினார், இரண்டு பக்கமும் ஆறு நாலைத் தள்ளியது. முடிந்தது. பக்கத்தில் இருந்த ஹவில்தார் திரும்ப அடுக்கிக் காட்டினார்: ஆற்றுப் பாலத்தில் ஒரு பெட்டி, மீதி ஏழும் ஒரே பக்கம். "பாலத்தில் இருப்பவன் ஆறு மணி நேரம் தாங்கினால் போதும், ஜெயிக்க வேண்டாம்" என்றார். பயம்தான் என்னை நாலு நாலாகப் பிரிக்க வைத்தது. அன்று விடுதிக்கு நடந்து போகையில் இதையே நினைத்துக்கொண்டு போனேன்.

அந்த ஹவில்தார் கணக்கில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. மறிப்புப் படை ஏதாவது ஒரு தடையின் பின்னால் நிற்க வேண்டும்: ஆறு, கணவாய், ஏரி, மழை வெள்ளம். திறந்த வெளியில் ஒரு பெட்டி ஆறு பெட்டியை ஆறு மணி நேரம் தாங்காது. கார்டா ஏரி இல்லையென்றால் 1796 கதையே வேறு.

சரி, எப்போது இது உடையும்? 1866-இல் போஹேமியாவில் உடைந்தது. பிரஷ்யாவின் மோல்ட்கே படையை மூன்றாகப் பிரித்து மலைகளுக்கு நடுவே வெவ்வேறு வழியில் இறக்கினார். ஆஸ்திரியாவின் பெனடெக் ஒன்றாகச் சேர்ந்த படையோடு நடுவில் இருந்தார். புத்தகப்படி பெனடெக் ஜெயித்திருக்க வேண்டும். பிரஷ்யப் பட்டத்து இளவரசரின் படை கணவாய்களிலிருந்து தலையை நீட்டிய ஜூன் 27, 28 ஆகிய இரண்டு நாள்தான் அவருடைய வாய்ப்பு. அவர் மொத்தப் படையையும் அங்கே திருப்பவில்லை, துண்டு துண்டாக, ஒவ்வொரு படைப்பிரிவாக அனுப்பினார். பிரஷ்யச் சிப்பாயின் ஊசித்துப்பாக்கி பின்பக்கம் தோட்டா போடுவது, படுத்துக்கொண்டே வேகமாகச் சுடலாம். அதனால் தனியாக மாட்டியவனும் சீக்கிரம் நொறுங்கவில்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. ஜூலை 3 அன்று கனிக்ரேட்ஸில் ஒரு படை காலையிலிருந்து முன்னால் கட்டிப்பிடித்திருக்க, இளவரசரின் படை பகலில் பக்கவாட்டில் வந்து இறங்கியது. முந்தின இரவே சேதியோடு ஒரு குதிரைவீரன் போயிருந்தான், சேதி நேரத்தில் சேர்ந்தது. வுர்ம்சருக்கு அது கிடைக்கவில்லை, மோல்ட்கேக்குக் கிடைத்தது.

ஆக, நடுவில் ஒருவன் நிற்பதைப் படித்தால் மூன்று நேரத்தைத் தேடுங்கள்: அவன் ஒருவனிடம் போய்ச் சேரும் நேரம், அவனை ஓட வைக்கும் நேரம், திரும்பி வரும் நேரம். மூன்றையும் கூட்டினால் மறிப்புப் படை தாங்கும் நேரத்துக்குள் அடங்க வேண்டும். எதிரிகள் நெருங்க நெருங்க முதல் நேரமும் மூன்றாவதும் குறையும், அது நல்லதுதான். ஆனால் மறிப்புப் படை தாங்கும் நேரம் அதைவிட வேகமாகக் குறையும். கடைசியில் மூன்று பக்கத்துப் பீரங்கியும் ஒரே இடத்தில் விழ ஆரம்பிக்கும். 1813 அக்டோபரில் லெய்ப்சிக்கில் நெப்போலியனுக்கு நடந்தது அதுதான். அதற்கு முன் கோடையிலேயே எதிரிகள் அவர் நேரில் வந்தால் விலகிப் போவது, அவருடைய மார்ஷல்கள் தனியே இருந்தால் அடிப்பது என்று தங்களுக்குள் பேசிவைத்திருந்தார்கள். அடிக்கப் போனால் ஆள் இல்லை, திரும்பி வந்தால் இன்னொரு பக்கம் நெருப்பு.

அடித்தவனைத் துரத்தாமல் விட்டாலும் இதே கதிதான். 1815 ஜூன் 16-இல் லீனியில் நெப்போலியன் பிரஷ்யத் தளபதி புளூஹரை அடித்தார். தோற்றவனைத் தொடர தன் மார்ஷல் கிருஷியிடம் சுமார் 33,000 பேரைக் கொடுத்தார். இரண்டே நாளில் புளூஹர் வாட்டர்லூவில் வந்து நின்றார், கிருஷி வரவில்லை.

நம் பக்கத்து உதாரணம் கேட்டீர்கள். காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூர், 1780 செப்டம்பர் 10. கம்பெனிப் படை இரண்டாகக் கிடந்தது. மன்றோ காஞ்சிபுரத்தில், பெய்லி வடக்கே குண்டூர்ப் பக்கமிருந்து அவரோடு சேர வந்துகொண்டிருந்தார். கொசஸ்தலை ஆற்றில் வெள்ளம் வந்து பெய்லியைப் பல நாள் கரையில் நிறுத்திவிட்டது. ஹைதர் அலி காஞ்சி அருகே மன்றோவின் கண் முன்னால் இருந்துகொண்டு, திப்புவைப் பெய்லி மேல் ஏவினார். மன்றோ சுமார் ஆயிரம் பேரைப் பெய்லிக்கு உதவியாக அனுப்பினார், அவர்கள் போய்ச் சேர்ந்தும்விட்டார்கள். 9-ஆம் தேதி இரவில் ஹைதர் சத்தமில்லாமல் பெரும்படையைக் கிளப்பிக்கொண்டு பெய்லி பக்கம் போய்விட்டார், மன்றோவுக்குத் தெரியவில்லை. காலையில் பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்தன, அவருடைய சதுர அணி சிதைந்தது. பெய்லியும் உயிரோடு இருந்தவர்களும் கைதியாகி ஸ்ரீரங்கப்பட்டணம் போனார்கள். ஒரு நாள் நடைக்கும் குறைவான தூரத்தில் மன்றோவின் படை. பீரங்கிச் சத்தம் கேட்டு அவர் கிளம்பி வந்தார், நடந்ததைத் தெரிந்துகொண்டு காஞ்சிக்குத் திரும்பினார், கனத்த பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டுக்குப் போனார்.

ஒன்றே ஒன்று, ஹைதரின் படை மொத்தத்திலும் பெரியது. அதனால் 'ஆள் குறைந்த படை' என்ற உங்கள் கேள்விக்கு இது நேர் பதில் ஆகாது, நடுவில் நிற்பது எப்படி வேலை செய்கிறது என்பதற்கு மட்டும்தான் பொருந்தும். மறிப்பு வேலையில் பாதியைக் கொசஸ்தலை ஆறே பார்த்துக்கொண்டது.